முதல் நாள் கையெழுத்துப் போடுவதற்கு முன்

"கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். வரும் திங்கட்கிழமை சென்னையில் வேறு கம்பெனியில் சேர்கிறேன். ஒரிஜினல் சர்டிபிகேட், பேங்க் விவரம், பிஎஃப் ஃபார்ம் எல்லாம் தயாராகக் கொண்டு வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. மார்க் ஷீட், ஆதார், பான் மூன்றிலும் என் பெயர் மூன்று மாதிரி இருக்கிறது. ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வரலாமா? பழைய பிஎஃப்-ஐச் சொல்லாமல் புதிதாகவே ஆரம்பித்துவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பதினாறு வருடமாகத் தனியார் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி சம்பளப் பட்டியல், பிஎஃப், புதிதாகச் சேருகிறவர்களின் கோப்பு இவைதான். அரசு வேலையில் சேரும் நடைமுறை வேறு; அதில் எனக்குப் பழக்கம் இல்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் தனியார் வேலைக்கு மட்டும்.

இத்தனை வருடத்தில் பார்த்த ஒன்று: ஒரு ஜெராக்ஸ் விட்டுப்போனதால் யாருடைய வேலையும் போனதில்லை. "நாளைக்குக் கொண்டு வாங்க" என்பார்கள், அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் அன்று அவசரத்தில் எழுதிக் கொடுத்ததிலிருந்துதான் வருகிறது. காலை பத்து மணிக்கு ஒரு கட்டுப் படிவத்தைக் கையில் கொடுத்து, பதினொன்றரைக்கு அறிமுகக் கூட்டம் என்பார்கள். கேள்வி புரியாத இடத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அவர் போட்ட டிக்கையே நாமும் போடுவோம். அந்த டிக் பிஎஃப் அலுவலகத்துக்கும் வருமான வரித்துறைக்கும் போய்விடும். அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வருடம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, பெயரிலிருந்து தொடங்குவோம். மூன்று ஆவணத்தில் மூன்று மாதிரி பெயர் என்பது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இருக்கும் பிரச்சினை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் `MUTHUKUMAR S`, ஆதாரில் `S.Muthukumar`, பான் அட்டையில் `MUTHUKUMAR SHANMUGAM` என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டத்தைப் படிவத்தில் போட்டவர் நம் பக்கம் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். பான் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் கட்டாயம், அதில் இனிஷியலும் போட முடியாது. அதனால்தான் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதில் எந்த முரண் ஆபத்து, எது வெறும் தொல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சான்றிதழில் இனிஷியல், பானில் முழுப்பெயர் என்பது தொல்லை மட்டும்தான். பெரும்பாலான நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. சில நிறுவனங்கள், முக்கியமாகப் பின்னணிச் சரிபார்ப்பை வெளி ஏஜென்சியிடம் விடுபவை, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். அரைநாள் வேலை. அதற்காக மார்க் ஷீட்டில் பெயர் மாற்ற ஓட வேண்டாம்.

ஆதாரும் பிஎஃப் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால்தான் ஆபத்து. அடுத்தது பிஎஃப்-உம் பானும். யுஏஎன் எனப்படும் உங்கள் 12 இலக்க பிஎஃப் எண் ஆதாரோடு இணைந்தால்தான் நிறுவனத்தால் உங்கள் பெயரில் பணம் கட்ட முடியும். பான் இணையாமல் இருந்தால் மாதாமாதம் ஒன்றும் தெரியாது. ஐந்து வருடச் சேவை முடியாமல் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எடுக்கும்போதுதான் தெரியும்: பான் இருந்தால் 10 சதவீதம் வரிப் பிடித்தம், இல்லாவிட்டால் 20 சதவீதம்.

இதற்கு என் யோசனை இதுதான். பானில் இனிஷியல் போட முடியாது என்பதால், நாளடைவில் ஆதாரையும் பிஎஃப்-ஐயும் பானுக்கு இழுத்து வருவதே எளிது. ஆதாரில் பெயரை பானில் உள்ளபடி விரித்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால் எழுத்தைப் பார்த்துச் செய்யுங்கள். அது முடிந்ததும் பிஎஃப் உறுப்பினர் தளத்தில் பெயரைத் திருத்தலாம். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு கிடைத்த யுஏஎன் ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருந்தால், பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் நீங்களே திருத்த 2025 ஜனவரியில் வழி செய்துவிட்டார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கிய உங்கள் எண்ணுக்கு இது பொருந்தும்.

ஆனால் இதையெல்லாம் இந்த வாரம் செய்யாதீர்கள். ஆதார் திருத்தம் எப்போது முடியும் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. நீங்கள் படிவத்தில் எழுதும்போது ஒரு பெயர், அவர்கள் பதிவேற்றும்போது வேறு பெயர் என்று ஆகிவிட்டால் புதுக் குழப்பம். இப்போது ஆதாரில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, புள்ளியும் இடைவெளியும் உட்பட, அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். பான் எண் கேட்கும் இடத்தில் மட்டும் பானில் உள்ள பெயரைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். முதல் சம்பளம் வந்து, பிஎஃப்-இல் முதல் மாதத் தொகை ஏறிய பிறகு திருத்த வேலையைத் தொடங்கலாம். பிறந்த தேதி வேறுபட்டால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அதில் பத்தாம் வகுப்புச் சான்றிதழையே எல்லாரும் கடைசி ஆதாரமாகக் கொள்வார்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள்.

அடுத்து அசல் சான்றிதழ். கொண்டு போங்கள், காட்டுங்கள், திரும்ப வாங்கி வாருங்கள். ஒரிஜினல் வெரிஃபிகேஷன் என்றால் உங்கள் எதிரிலேயே நகலோடு ஒப்பிட்டு, நகலில் 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை போட்டுக்கொண்டு அசலைத் திருப்பித் தருவது. அதற்குப் பத்து நிமிடம் போதும். வேலையை விட்டுப் போய்விடாமல் இருக்க உத்தரவாதமாகச் சான்றிதழை வைத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு உரிமை கொடுக்கும் தொழிலாளர் சட்டம் எதுவும் கிடையாது. வழக்கம் என்று சொல்வார்கள். ஆமாம், சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அது சட்டமாகிவிடாது.

நான் இதில் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் வேலை பார்த்த அலுவலகம் தரைத்தளத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். பணியாளர் கோப்புகள் இரும்பு பீரோவில் இருந்தன. கீழ் இரண்டு தட்டும் தண்ணீரில் மூழ்கிவிட்டன. நான்காம் நாள் போய்த் திறந்தபோது பதினோரு பேருடைய அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் அதற்குள் இருந்தன. மேஜை மேல் தினத்தாளை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தோம். லேமினேட் செய்தவை தப்பியிருக்கும் என்று நினைத்தோம். ஓரம் பிரிந்திருந்தவற்றில் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர முடியாமல், கையெழுத்து இருந்த இடம் நீல நிற மேகம் மாதிரி ஆகியிருந்தது. அந்தச் சமயம் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் சான்றிதழ் கொடுத்ததால் பலர் பிழைத்தார்கள். சாதாரண நாளில் தொலைந்தால் காவல்துறையில் புகார், பள்ளி வழியாக விண்ணப்பம் என்று மாதக்கணக்கில் போகும். அந்தப் பதினோரு பேரிடமும் நாங்கள் ஒப்புகைச் சீட்டுகூடக் கொடுத்திருக்கவில்லை. ஒருவர் வந்து, "சார், என் சர்டிபிகேட் உங்ககிட்டதான் இருக்குன்னு நான் எப்படி நிரூபிக்கிறது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

ஆகவே வைத்துவிட்டுப் போகச் சொன்னால், "நாளைக்கு மேற்படிப்பு விண்ணப்பத்துக்குத் தேவைப்படுகிறது, இப்போதே பார்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். டிஜிலாக்கரில் வாரியமோ பல்கலைக்கழகமோ நேரடியாக ஏற்றிய மதிப்பெண் சான்றிதழ், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமமானது. அதைப் பகிர்கிறேன் என்றும் சொல்லலாம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிய படத்துக்கு அந்த மதிப்பு இல்லை. எதற்கும் ஒத்துவரவில்லை, வேலையும் விட முடியாத நிலை என்றால், ஒவ்வொரு சான்றிதழின் வரிசை எண்ணையும் எழுதி, திருப்பித் தரும் தேதியையும் குறித்து, நிறுவன முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் கையை விட்டு விடாதீர்கள்.

இப்போது பிஎஃப். உங்களுக்குக் கொடுக்கப்போவது படிவம் 11. ஒரு பக்கம்தான். அதில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும். முன்பு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் உறுப்பினராக இருந்தீர்களா? முன்பு ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தீர்களா? முதலாவதை 1952 திட்டம், இரண்டாவதை 1995 திட்டம் என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்று நினைத்து ஒன்றுக்கு மட்டும் டிக் போடுகிறவர்கள் அதிகம். பழைய பணத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து இரண்டுக்கும் 'இல்லை' போடுகிறவர்களும் உண்டு. உங்கள் கேள்வியில் அந்த யோசனைதான் தெரிகிறது.

இல்லை என்று போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம். கோயம்புத்தூரில் உங்கள் அடிப்படைச் சம்பளம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 12 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனமும் 12 சதவீதம் போடும். நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம், அதாவது 1,166 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். மீதி வைப்பு நிதிக்கு. இப்போது சென்னையில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வைப்போம். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாக வேலைக்கு வருகிறவரின் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000-ஐத் தாண்டினால், அவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேரவே முடியாது. ஆனால் ஏற்கெனவே அதில் இருந்தவர், சம்பளம் ஏறினாலும் தொடரலாம். அவருக்கு 15,000-க்கான 8.33 சதவீதமான 1,250 ரூபாய் மாதாமாதம் அதில் போகும்.

நீங்கள் இரண்டாம் வகை. 'இல்லை' என்று டிக் போட்டால் கணினி உங்களை முதல் வகையில் போட்டுவிடும். சம்பளச் சீட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் நிறுவனத்தின் பங்கு உள்ளுக்குள் எப்படிப் பிரிகிறது என்பது சீட்டில் பெரும்பாலும் வராது. மாதம் 3,600 ரூபாய் முழுவதும் வைப்பு நிதிக்குப் போகும், ஓய்வூதியத்தில் பூஜ்யம். வைப்பு நிதியில் கூடுதலாகத் தொகை சேர்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஓய்வூதியம் வாங்கக் குறைந்தது பத்து வருடச் சேவை வேண்டும். அங்கே பார்த்த ஒன்றரை வருடத்தோடு இங்கே எட்டரை வருடம் சேர்ந்தால் அந்தப் பத்து நிறைகிறது. தொடர்பு அறுந்துவிட்டால் அங்கே ஒன்றரை வருடம் அநாதையாக நிற்கும், இங்கே சேவைக் கணக்கே தொடங்கியிருக்காது. பிறகு சரிசெய்ய வேண்டும் என்றால் நிறுவனம் அத்தனை மாதத்துக்கும் கணக்கைத் திருத்தித் தர வேண்டும். நிறுவனம் உங்களிடம் நல்ல முறையில் இருக்கும்வரை அது நடக்கும். நீங்களும் வேலை மாறி, அந்தக் கம்பெனியும் கைமாறிவிட்டால் யாரைப் பிடிப்பீர்கள்?

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. 25,000 அடிப்படைச் சம்பளத்தில் முதல் வேலைக்கு வந்தவருக்கு, நிறுவனம் தெரியாமல் ஓய்வூதியத்துக்கும் 1,250 கட்டிக்கொண்டே இருக்கும். அதுவும் பணம் எடுக்கும்போதுதான் மாட்டும். உங்களுக்கு இது பொருந்தாது; படிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

முன்பெல்லாம் 'இல்லை' என்று போட்டவருக்கு இரண்டாவது யுஏஎன் உருவாகிவிடும். இரண்டு மூன்று எண்ணோடு திரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் முதல் புது எண் என்பது உமங் செயலியில் முகத்தைக் காட்டி, ஆதாரோடு ஒப்பிட்ட பிறகே கிடைக்கிறது. ஆகவே உங்கள் ஆதார் ஏற்கெனவே ஒரு எண்ணோடு இணைந்திருந்தால் புதிதாக ஆரம்பிக்கும் திட்டம் அங்கேயே நின்றுவிடும். முன்பிருந்த வேலையை மறைக்க நினைப்பவர்களுக்கும் இதே கதிதான். மூன்று மாதம் ஓரிடத்தில் இருந்ததை ரெஸ்யூமில் விட்டுவிடுவார்கள். யுஏஎன்-இன் சேவை வரலாற்றில் அந்தக் கம்பெனியின் பெயரும் சேர்ந்த தேதியும் பளிச்சென்று இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்லும் நிறுவனங்கள் இன்று நிறைய இருக்கின்றன.

படிவம் 11-இல் முந்தைய வேலையிலிருந்து விலகிய தேதியும் கேட்பார்கள். இதில் ஒரு சின்ன விஷயம் பெரிதாக வெடிக்கும். பழைய இடத்தில் விடுவிப்புக் கடிதத்தில் உள்ள தேதி வெள்ளிக்கிழமை. பிஎஃப் தளத்தில் அவர்கள் மாதக் கடைசி என்று போட்டிருப்பார்கள். நீங்கள் இங்கே சேர்வது மாதக் கடைசிக்கு முந்தைய திங்கட்கிழமை. கணக்குப்படி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாக ஆகிவிடும், பணத்தை மாற்றும்போது கோரிக்கை நின்றுவிடும். இன்றே உறுப்பினர் தளத்தில் நுழைந்து சேவை வரலாற்றைப் பாருங்கள். விலகிய தேதி தவறாக இருந்தால் பழைய நிறுவனத்திடம் நல்லபடியாகக் கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். காலியாக இருந்தால் பதற வேண்டாம். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்ததும் நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

வாரிசு நியமனப் படிவத்தையும் அதே கட்டில் வைத்துக் கொடுப்பார்கள். திருமணமாகாதவர் என்றால் அம்மா அப்பாவைப் போடுங்கள். நண்பர் பெயரோ, குடும்பம் இருக்கும்போது அண்ணன் தம்பி பெயரோ போட்டால் அது செல்லாது, ஏனென்றால் திட்டத்தின் பார்வையில் உடன்பிறந்தவர் 'குடும்பம்' என்பதற்குள் வருவதில்லை. கல்யாணம் ஆனதும் பழைய நியமனம் தானாகச் செல்லாமல் போய்விடும் என்பதும் பலருக்குத் தெரியாது. பிஎஃப்-ஓடு சேர்ந்து 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் இருக்கிறது. அந்தப் பணமும் இந்தப் பெயரைப் பார்த்துத்தான் போகும்.

வங்கி விவரத்துக்கு வருவோம். கேன்சல்ட் செக் என்றால் உங்கள் காசோலையின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் பெரிதாக CANCELLED என்று எழுதிக் கொடுப்பது. கையெழுத்துப் போட வேண்டாம். பெயர் அச்சிட்ட காசோலையாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாஸ்புத்தகத்தின் முதல் பக்க நகலைச் சேர்த்துக் கொடுங்கள். காசோலைப் புத்தகம் பழையதா என்றும் பாருங்கள். வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் அதில் அச்சான ஐஎஃப்எஸ்சி கோடு செத்துப்போயிருக்கும். கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது, அலகாபாத் வங்கி அதே வருடம் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. அந்தப் பழைய புத்தகத்தைக் கொண்டு வருகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். கோடு 11 எழுத்து இருக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில எழுத்து ஓ என்று எழுதிவிடாதீர்கள்.

கணக்கு எண்ணைப் படிவத்தில் எழுதும்போது ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். மின்னணுப் பரிமாற்றத்தில் பணம் கணக்கு எண்ணை வைத்தே போய்ச் சேர்கிறது. பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அங்கே கட்டாயம் இல்லை. ஒருமுறை ஒரு பையன் எழுதிய பூஜ்யத்தின் தலையில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் அது ஆறு என்று ஏறிவிட்டது. அவனுடைய முதல் மாதச் சம்பளம் வேறு யாருக்கோ போய், அவர் சம்மதித்து, வங்கி திருப்பித் தர ஆறு வாரம் ஆனது.

கம்பெனி தன் பழக்கப்பட்ட வங்கியில் புதுக் கணக்கு திறக்கச் சொன்னால் திறந்துகொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் கோயம்புத்தூர்ச் சம்பளக் கணக்கை மறந்துவிடாதீர்கள். சில மாதம் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் போடத் தொடங்கும். உங்கள் பிஎஃப்-இல் இணைந்திருப்பதும் பெரும்பாலும் அதே கணக்காகத்தான் இருக்கும். பிஎஃப்-இல் புதுக் கணக்கை மாற்றிய பிறகே பழையதை மூடுங்கள். அப்புறம், சம்பளம் போட எந்த நிறுவனத்துக்கும் உங்கள் ஏடிஎம் அட்டை எண்ணோ ஓடிபி-யோ தேவைப்படாது. சேர்வதற்கு முன்பணம் கட்டச் சொன்னாலோ, அட்டையின் படத்தை அனுப்பச் சொன்னாலோ அது வேலையே இல்லை.

கடைசியாக ஒன்று, இதை மெயிலில் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நிதியாண்டின் நடுவில் மாறுவதால், ஏப்ரலிலிருந்து பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் புது நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். படிவம் 12பி என்று பல வருடமாகச் சொல்லி வந்தோம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் படிவ எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். "முந்தைய நிறுவன வருமானம் தெரிவிக்கும் படிவம்" என்று கேட்டு வாங்குங்கள்.

கொடுக்காவிட்டால் என்ன? 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி ஒரு கணக்கு. ஒருவர் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை மாதம் ஒரு லட்சம் வாங்கினார். பழைய நிறுவனம் அவருடைய ஆண்டு வருமானத்தை 12 லட்சம் என்று கணித்தது. நிலையான கழிவு 75,000 போனால் 11.25 லட்சம், 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரித் தள்ளுபடி, பிடித்தம் பூஜ்யம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை புது இடத்தில் மாதம் ஒன்றரை லட்சம், மொத்தம் 9 லட்சம். பழைய கதை தெரியாத புது நிறுவனமும் 75,000 கழித்து 8.25 லட்சம் என்று கணக்குப் போட்டு, அங்கேயும் பூஜ்யம். இரண்டு இடத்திலும் வரியே இல்லை என்று மனிதர் சந்தோஷமாக இருந்தார். உண்மையில் அவருடைய வருமானம் 15 லட்சம். ஒரே ஒரு கழிவு போக 14.25 லட்சம். அதற்கு வரி 93,750, செஸ் 3,750, ஆக மொத்தம் 97,500 ரூபாய். கணக்குத் தாக்கல் செய்யும்போது இதை மொத்தமாக, வட்டியோடு கட்ட வேண்டும். சேர்ந்த நாளே தெரிவித்திருந்தால் ஆறு மாதத்தில் மாதம் 16,250 என்று பிரிந்து போயிருக்கும். பழைய இடத்தில் முழுக் கணக்கும் முடிந்து தாள் வரத் தாமதமானால், கடைசி சம்பளச் சீட்டை வைத்து இப்போதே ஒரு தொகையைத் தெரிவித்துவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம். பெரும்பாலான சம்பளப் பிரிவுகள் இதை ஏற்கும்.

பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று இன்னும் நான் சொல்லவே இல்லை. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை சான்றிதழ்களின் அசலும் இரண்டு செட் நகலும், ஆதார், பான், விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு புகைப்படம், கேன்சல்ட் செக், யுஏஎன் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பழைய இடத்தில் இஎஸ்ஐ இருந்திருந்தால் அந்த எண்ணும். சம்பளம் இப்போது 21,000-ஐத் தாண்டினால் அது தேவைப்படாது, இருந்தாலும் எண் கையில் இருக்கட்டும். நகலில் கையெழுத்துப் போடும்போது தேதியும் 'பணியில் சேர்வதற்காக மட்டும்' என்ற வரியும் எழுதுங்கள். நீங்கள் அவர்களிடமிருந்து வாங்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி பணி நியமனக் கடிதம் கொடுப்பது நிறுவனத்தின் கடமை. மெயிலில் வந்த ஆஃபர் லெட்டர் வேறு, இது வேறு.

படிவம் எதையும் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் பிஎஃப் பாஸ்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதத் தொகையையும் நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதால் அதற்குள் குறைந்தது ஒரு வரியாவது ஏறியிருக்கும். அதில் மூன்று பத்தி இருக்கும்: உங்கள் பங்கு, நிறுவனத்தின் பங்கு, ஓய்வூதியம். மூன்றாவது பத்தியில் 1,250 இருந்தால் உங்கள் டிக் சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறது. பூஜ்யம் இருந்தால் அன்றே, எடுத்து வைத்த அந்தப் படத்தோடு சம்பளப் பிரிவுக்குப் போங்கள். மூன்று மாதக் கணக்கைத் திருத்த யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.